பன்னிரண்டு நிமிடத்துக்கு எத்தனை பக்கம்?

1853 டிசம்பர் 27 அன்று இரவு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் சார்லஸ் டிக்கன்ஸ் தன் புத்தகம் ஒன்றை மேடையில் படித்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ‘எ கிறிஸ்மஸ் கேரல்’ என்ற சிறிய நாவல் அது. ஊரில் தொடங்கவிருந்த ஒரு கல்வி நிறுவனத்துக்கு நிதி திரட்ட ஏற்பாடான நிகழ்ச்சி. மூன்று இரவுகள் படித்தார். அதில் கடைசி இரவைத் தொழிலாளர்களுக்கென்று ஒதுக்கி, கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டவரும் அவரே. முதல் இரவு வாசிப்பு ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீண்டது.

அதே நாவலைப் பிற்காலத்தில் அவர் ஒன்றரை மணி நேரத்துக்குள் படித்து முடித்தார். படிக்கும் வேகம் கூடவில்லை. நகைச்சுவை வரும் இடங்களில் கூட்டம் சிரித்து ஓயும்வரை காத்திருக்கவும் நேரம் இருந்தது. நேரம் பாதியானதற்குக் காரணம், பாதிக்கு மேற்பட்ட வரிகளை அவர் அடித்துவிட்டதுதான்.

அவர் அடித்துத் திருத்திய அந்தப் பிரதி இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. அச்சான புத்தகம் ஒன்றைப் பிரித்து, ஒவ்வொரு தாளையும் பெரிய வெற்றுத் தாளில் பதித்து மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். நாலு பக்கமும் அகலமான ஓரம் வேண்டும், குறிப்பு எழுத இடம் வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அடித்த வரிகள், அடிக்கோடிட்ட சொற்கள், குரல் எங்கே தணிய வேண்டும், எங்கே மர்மம் தொனிக்க வேண்டும், எங்கே உற்சாகம் வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஓரக்குறிப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. நாவலாசிரியர் எழுதிய நாவல் வேறு. அதே கையால் அவர் செய்த மேடைப் பிரதி வேறு. எதை வெட்டினார், எதை வைத்துக்கொண்டார் என்று பார்த்தால், தன் புத்தகத்தை நாலு பேர் முன்னால் படிக்கப்போகும் எந்த எழுத்தாளருக்கும் பாதி வேலை புரிந்துவிடும்.

வெட்டியதில் பெரும்பகுதி வர்ணனை. கண்ணுக்கு விருந்தாகும் தெருக் காட்சிகள், கடை வீதி, பொருள் பட்டியல்கள் எல்லாம் குறைந்தன. அதைவிட ஆச்சரியம், சமூகத்தைச் சாடி ஆசிரியர் தன் குரலில் பேசும் பகுதிகளும் போயின. நாவலை அவர் எழுதியதே வறுமையைப் பற்றிப் பேசத்தான். ஆனாலும் மேடையில் அந்தப் பேச்சை அவர் நம்பவில்லை. ஏழைக் குமாஸ்தா கிராட்சிட்டின் வீட்டுக் கிறிஸ்மஸ் சாப்பாட்டையும், பழைய முதலாளி ஃபெஸ்ஸிவிக் வைக்கும் நடன விருந்தையும் விடாமல் வைத்துக்கொண்டார். ஆள் வருவதும் பேசுவதும் ஏதாவது நடப்பதுமாக இருக்கும் பகுதிகள் அவை. கருத்து என்னவென்று கேட்பவர் அந்தச் சாப்பாட்டு மேசையிலிருந்தே தெரிந்துகொண்டார்.

‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலை வாசிப்புக்குக் கொண்டுவந்தபோது சிக்கல் இன்னும் பெரியது. அது பல நூறு பக்கங்கள், பல டஜன் பாத்திரங்கள். அதிலிருந்து ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் படிப்பது சுலபமான வழி. டிக்கன்ஸ் அப்படிச் செய்யவில்லை. எமிலி என்ற பெண்ணை ஸ்டீயர்ஃபோர்த் அழைத்துக்கொண்டு ஓடிப்போகும் கதையை மட்டும் நூலாகப் பிடித்து, அதோடு டேவிட்டின் அசட்டுக் காதலையும் குடித்தனத்தையும் சிரிப்புக்காகப் பின்னி, கடற்கரைப் புயலில் கொண்டுபோய் முடித்தார். மற்ற கிளைக்கதைகளில் பெரும்பாலானவற்றை மேடைக்கு வெளியே நிறுத்தினார். 1861இல் அது மேடையேறுவதற்கு முன் மாதக்கணக்கில் அதில் உழைத்தார். வேறொரு வாசிப்புக்காக இருநூறு தடவைக்கு மேல் ஒத்திகை பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். தான் எழுதியதுதானே, எடுத்துப் படித்தால் போதாதா என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

நம் ஊர் நூல் வெளியீட்டு விழாக்களில் இப்படி நினைப்பதற்குக்கூட அநேகமாக வாய்ப்பு வருவதில்லை. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், நூல் அறிமுகம் என்று போய், எழுதியவர் ஏற்புரைக்கு எழும்போது பின்வரிசைகளில் ஆட்கள் கடைசிப் பேருந்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஏற்புரையிலும் புத்தகத்திலிருந்து ஒரு வரி வராது, நன்றிதான் வரும். புத்தகத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசியும் புத்தகத்தின் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே கூட்டம் கலையும்.

இதை மாற்ற விழா அமைப்பையே புரட்டிப்போட வேண்டியதில்லை. புத்தகம் வெளியிட்டு முதல் பிரதி கைமாறியதும் ஆசிரியர் படிக்கட்டும். அதற்குப் பிறகு மற்றவர்கள் பேசட்டும். அப்போது கூட்டம் புத்துணர்ச்சியோடு இருக்கும். பின்னால் பேசுகிறவர்களுக்கும் தொட்டுப் பேச ஒரு காட்சி கிடைக்கும். ஒரு மணி நேர நிகழ்ச்சி என்றால் பன்னிரண்டு நிமிட வாசிப்பு, அதன்பின் ஒருவரோடு இருபது நிமிட உரையாடல், நடுவில் அல்லது முடிவில் நாலைந்து நிமிடத்துக்கு இன்னொரு சின்ன வாசிப்பு, மிச்சம் கேள்விகள் என்று பிரித்தால் மூச்சு முட்டாது. முழுசாக அரை மணி நேரம் ஒரே மூச்சில் படிக்கிற ஆசை எல்லா எழுத்தாளருக்கும் உண்டு. அதைத் தாங்கும் குரலும் பயிற்சியும் மிகச் சிலருக்கே உண்டு.

பன்னிரண்டு நிமிடத்துக்கு எத்தனை பக்கம்? இந்தக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மனதுக்குள் படிக்கிற வேகத்தை வைத்துப் பக்கத்தை முடிவுசெய்துவிடுகிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு சொல்லிலேயே வினை, காலம், ஆள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் வாய்விட்டு நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல்லுக்குப் பக்கத்தில் நிற்பது சாதாரணம். ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதால், கைபேசியில் ஐந்து நிமிடம் வைத்துக்கொண்டு தன் புத்தகத்திலேயே படித்து எண்ணிப் பார்ப்பது நல்லது. தொண்ணூறு என்றே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு நிமிடத்தில் முன்கதை சொல்ல ஒன்றரை நிமிடம் போகும். சிரிப்புக்கும் நிறுத்தத்துக்கும் தண்ணீர் குடிப்பதற்கும் ஒரு நிமிடம். மிச்சம் ஒன்பதரை நிமிடம், அதாவது சுமார் 850 சொற்கள். டெமி அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு இருநூறு சொல் என்றால், நாலே கால் பக்கம். எட்டுப் பக்கம் குறித்துக்கொண்டு மேடையேறியவர் கடைசி மூன்று பக்கத்தை ரயில் வேகத்தில் ஓட்டுவது ஏன் என்று இப்போது விளங்கும்.

நாலே கால் பக்கத்தில் எதைப் படிப்பது? புத்தகத்தின் உச்சக் காட்சியைத்தான் பலர் முதலில் நினைப்பார்கள். அது கிட்டத்தட்ட எப்போதுமே தவறான தேர்வு. முந்நூறு பக்கம் பாத்திரங்களோடு வாழ்ந்தவருக்குத்தான் உச்சக் காட்சி கனக்கும். இப்போதுதான் பெயரைக் கேட்டவருக்கு, யாரோ யாருக்காகவோ அழுகிறார்கள் என்பதுதான் தெரியும். அதோடு முடிச்சு அவிழ்ந்துவிட்டால் புத்தகத்தை வாங்க வேண்டிய காரணத்தில் ஒன்று குறையும். முதல் அத்தியாயத்தின் முதல் பக்கமும் பலமுறை சரிப்படாது. அங்கே ஆசிரியர் உலகத்தை அடுக்கிக்கொண்டிருப்பார், ஒன்றும் நடந்திருக்காது.

பார்க்க வேண்டியது, மூன்று வாக்கியத்தில் முன்கதை சொல்லிவிடக்கூடிய ஒரு காட்சி. பேசுகிறவர்கள் இரண்டு அல்லது மூன்று பேராக இருந்தால் நல்லது. ஒரே இடத்தில், ஒரே பொழுதில் நடப்பது நல்லது. காட்சி தொடங்கும்போது இருந்த நிலைமை முடியும்போது மாறியிருக்க வேண்டும்: கேட்டது கிடைக்கவில்லை, மறைத்தது தெரிந்துவிட்டது, வந்தவர் வேறு ஆளாகிவிட்டார் என்று ஏதோ ஒன்று. கொஞ்சம் சிரிப்பு இருந்தால் கூடுதல் லாபம், ஏனென்றால் சிரிப்பு ஒன்றுதான் கூட்டம் கூடவே வருகிறது என்று படிப்பவருக்கு உடனே தெரிவிக்கும். முன்கதை சொல்ல ஐந்து நிமிடம் ஆகிறது, குடும்ப மரமே வரைய வேண்டியிருக்கிறது என்றால், காட்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிடுவது மேல். கட்டுரை நூலுக்கும் இது பொருந்தும்; வாதத்தைப் படிக்காமல் வாதம் பிறந்த சம்பவத்தைப் படிக்க வேண்டும். கவிதை மட்டும் தனி. சின்னக் கவிதையை இரண்டு தரம் படிக்கலாம், கூட்டம் கோபித்துக்கொள்ளாது.

காட்சியைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் உண்மையான வேலை. அச்சில் ஓடுகிற வாக்கியம் காதில் ஓடாமல் போகக்கூடும். இதைப் பார்க்க, ஒரு பத்தியை இங்கேயே புனைந்துகொள்ளலாம். நாவலில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“அரிசி வந்துவிட்டதாக யாரோ சொன்னதை நம்பி, மூன்று நாளாகப் பெய்யும் மழையையும் பார்க்காமல் விடியற்காலையிலேயே வந்து வரிசையின் முதல் ஆளாகத் துணிப்பையைப் போட்டுவிட்டுப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாக்கியம், ரேஷன் கடையின் ஊறிப்போன மரக்கதவு எட்டு மணிக்கும் திறக்காததைக் கண்டு எழுந்து போய்த் தட்டினாள்.”

கண்ணால் படிப்பவருக்கு இதில் பெரிய சங்கடம் இல்லை. வேண்டுமானால் ஒரு தரம் பின்னால் போய்ப் பார்த்துக்கொள்வார். கேட்பவருக்குப் பின்னால் போக வழியில்லை. நம்பியது யார், பையைப் போட்டது யார் என்று தெரியாமலேயே அவர் பாதி வாக்கியத்தைச் சுமந்து வருகிறார். பாக்கியம் வந்த பிறகு எல்லாவற்றையும் அவள் கணக்கில் எழுதிக்கொள்கிறார். தட்டினாள் என்பதற்கு இன்னும் காத்திருக்கிறார். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகும் நடை மேடையில் கேட்பவரின் நினைவாற்றலைச் சோதிக்கும். வாசிப்புப் பிரதியில் இது இப்படி ஆகலாம்:

“மூன்று நாளாக விடாத மழை. ரேஷன் கடைக்கு அரிசி வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். பாக்கியம் அதை நம்பினாள். விடிவதற்கு முன்பே போய், வரிசையில் முதல் ஆளாகத் துணிப்பையைப் போட்டுவிட்டு, பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்தாள். மணி எட்டு ஆயிற்று. கதவு திறக்கவில்லை. எழுந்து போய்த் தட்டினாள்.”

மரக்கதவு ஊறிப்போன விவரம் போய்விட்டது. ஆசிரியருக்கு அது வலிக்கும். கேட்பவருக்கு அது போனதே தெரியாது. எல்லா வாக்கியத்தையும் இப்படித் துண்டாடிவிடக்கூடாது என்பதும் இதிலேயே தெரிகிறது. துணிப்பை வாக்கியம் கொஞ்சம் நீளமாகவே இருக்கிறது. எல்லாமே மூன்று சொல் வாக்கியமானால் தந்தி படிப்பது போலிருக்கும், எதுவும் முக்கியமாகத் தோன்றாது. இரண்டு நீளத்துக்குப் பின் ஒரு குட்டை வந்தால்தான் அந்தக் குட்டைக்கு எடை வரும்.

உரையாடல் வரும்போது வேறொரு பிரச்சினை. பேச்சை முதலில் போட்டுவிட்டு, ‘என்றான்’, ‘என்றாள்’ என்று பின்னால் ஆளைக் காட்டுவது நம் நாவல்களின் வழக்கம். சில இடங்களில் அதுவும் இல்லாமல் மேற்கோள் குறி மட்டும் இருக்கும்.

“அரிசி இல்ல. நாளைக்கு வா.”

“நாளைக்குன்னா எந்த நாளைக்கு?”

“போர்டுல எழுதிப் போட்டிருக்கு, பாரு.”

“படிக்கத் தெரிஞ்சா உன்னை ஏன் கேக்கறேன்?”

தாளில் இது அழகாக இருக்கிறது. ஆனால் மேற்கோள் குறியை யாராலும் உச்சரிக்க முடியாது. முதல் வரியைச் சொன்னது யார் என்று கேட்பவருக்குத் தெரியாது. முன்னாலேயே ஆளைக் கொண்டுவந்துவிட வேண்டும்: “உள்ளேயிருந்து எடையாளர் குரல் கொடுத்தார்” என்று ஒரு வாக்கியம் முதலில்; அப்புறம் பேச்சு. அடுத்தது பாக்கியம்தான் என்பது தானாகத் தெரியும். மூன்றாவது ஆள் ஒருவர் வந்து சேர்ந்தால், ஒவ்வொரு முறையும் பெயர் வேண்டும். அவன், இவன், அவர் என்ற சொற்களைப் பிரதியில் வட்டமிட்டுப் பார்த்து, பாதிக்கு மேற்பட்ட இடத்தில் பெயரையோ உறவுமுறையையோ போட்டுவிடுவது பயனுள்ள வேலை. பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே அச்சில் இருக்கும் மூன்று நட்சத்திரங்களும் காதுக்குக் கேட்காது. அங்கே “மறுநாள் காலை” என்று இரண்டு சொல் சேர்க்க வேண்டும்.

குரலை மாற்றி நடிக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். டிக்கன்ஸ் நடித்தார், இளம் வயதில் நாடக நடிகராக விரும்பியவர் அவர். நடிக்க வராதவர் பெண் குரலுக்குக் கீச்சிட்டுப் பேசினால் கூட்டம் சிரிக்கும், தவறான இடத்தில் சிரிக்கும். வேகத்தையும் சத்தத்தையும் மாற்றினாலே போதும்: எடையாளர் சலிப்போடு வேகமாகப் பேசுகிறார், பாக்கியம் ஒவ்வொரு சொல்லாக நிதானமாகப் பேசுகிறாள். வட்டார வழக்கில் எழுதியவர் அந்த வட்டாரத்துக்காரராக இருந்தால் அது பெரிய பலம். அச்சில் கோவைக்காரருக்கோ நாகர்கோவில்காரருக்கோ இடறுகிற சொல்லெல்லாம், அந்த மண்ணின் இழுவையோடு காதில் விழும்போது சட்டென்று புரிந்துவிடும்.

நிறுத்தத்தைப் பற்றி அதிகம் யோசித்தவர் மார்க் ட்வைன். அவர் நியூயார்க்கில் டிக்கன்ஸின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, தனக்கு அது பிடிக்கவில்லை என்று பத்திரிகையில் எழுதியவர். பிறகு அவரே அதே வேலைக்கு வந்தார். 1884–85 குளிர்காலத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் கேபிள் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் வாசித்தபோது, தொடக்கத்தில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தது எடுபடவில்லை என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். எழுத்தில் இறுகிய வாக்கியம் வாயில் வளையவில்லை. பகுதிகளை மனப்பாடம் செய்து, புத்தகம் இல்லாமல் சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல வாசகங்கள் தாமாகவே மாறிப் பேச்சுக்கு வந்தன. ‘ரஃபிங் இட்’ நூலில் உள்ள கிழட்டுச் செம்மறிக்கடாக் கதை அப்படி மேடையில் வேறு உருவம் எடுத்தது.

நிறுத்தத்தின் நீளம் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும் என்பதும் அவர் கண்டுகொண்டதுதான். அவர் சொல்லும் பேய்க்கதை ஒன்று, கடைசிச் சொல்லுக்கு முன்னால் வரும் ஒரு மௌனத்தை நம்பியே நின்றது. மௌனம் சற்றே குறைந்தால் அதிர்ச்சி இல்லை. கொஞ்சம் நீண்டால் கேட்பவர்கள் வரப்போவதை ஊகித்துவிடுவார்கள். எவ்வளவு நேரம் என்பதை முகங்களைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும். தாளிலேயே கண்ணை நட்டுக்கொண்டிருப்பவருக்கு அது கிடைக்காது. ஆகவே நிறுத்தம் வேண்டிய இடத்துக்கு முந்தைய வாக்கியத்தையாவது மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். “மணி எட்டு ஆயிற்று” என்பதைத் தலை நிமிர்ந்து சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, பிறகு குனிந்து “கதவு திறக்கவில்லை” என்று தொடரலாம். பென்சிலால் ஒரு கோடு போட்டால் சின்ன நிறுத்தம், இரண்டு கோடு போட்டால் பெரிய நிறுத்தம் என்று பிரதியில் குறித்துவைப்பது மேடைப் பதற்றத்தில் கைகொடுக்கும். பதற்றம் எப்போதும் வேகமாகத்தான் வெளிப்படும். வீட்டில் பன்னிரண்டு நிமிடம் வந்தது மேடையில் ஒன்பது நிமிடத்தில் முடிந்தால், நிறுத்தங்களை விழுங்கிவிட்டார் என்று பொருள்.

முடிக்கும் இடத்தில் டிக்கன்ஸே ஒரு முறை தன் நண்பர்களோடு வாதாடியிருக்கிறார். ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் நான்சி என்ற பெண்ணை பில் சைக்ஸ் அடித்துக் கொல்லும் பகுதியை 1868 நவம்பரில் அழைக்கப்பட்ட சிறு கூட்டத்தின் முன் படித்துக்காட்டினார். கொலையோடு வாசிப்பு முடிந்தது. சைக்ஸ் தப்பி ஓடிச் சாவதையும் சேர்க்க வேண்டும் என்று வில்கி காலின்ஸும் சார்லஸ் கென்ட்டும் சொன்னார்கள். அந்தக் கொலைக்குப் பிறகு எந்தக் கூட்டமும் பத்து நிமிடம் உட்காராது என்பது டிக்கன்ஸின் பதில். ஆனாலும் யோசித்து, சில பக்கங்களை வேகமான ஓட்டமாகச் சேர்த்துவிட்டார். கேட்பவரை அதிர்ச்சியில் தொங்கவிட்டு மேடையிலிருந்து இறங்குவதற்கும், அதன் விளைவு தொடங்கும்வரை கூட்டிப்போய் விடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அந்த வாசிப்பு அவர் உடம்பையும் பதம் பார்த்தது. மருத்துவர் பக்கத்தில் இருந்து நாடி பார்க்க வேண்டியிருந்தது. 1869 ஏப்ரலில் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. 1870 மார்ச் 15 அன்று லண்டனில் கடைசியாகப் படித்தபோது அவர் எடுத்துக்கொண்டது ‘கேரல்’ கதையும், அதன் பிறகு ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலின் நீதிமன்றக் கூத்தும்தான். நெகிழ்ச்சியை முதலில் வைத்து, சிரிப்பைப் பின்னால் வைத்து அனுப்புவது அவருடைய பழைய வழக்கம்.

கையில் எதை வைத்துக்கொண்டு படிப்பது என்பது அற்பமாகத் தோன்றும், ஆனால் பல வாசிப்புகள் கெடுவது அங்கேதான். புதுப் புத்தகத்தின் முதுகு விறைப்பாக இருக்கும். கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். எழுத்தும் சிறியது. வாசிப்புப் பிரதியைத் தனியாக, பதினாறு அல்லது பதினெட்டுப் புள்ளி எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்செடுத்துக்கொள்ளலாம். தாள் முடியும் இடத்தில் வாக்கியமும் முடிய வேண்டும். இல்லாவிட்டால் பாக்கியம் தட்டப் போன கையோடு கூட்டம் அடுத்த தாளுக்காகக் காத்திருக்கும். மின்விசிறி இருக்கிற மண்டபத்தில் தாள் பறக்கும் என்பதால் ஒரு கோப்புக்குள் போட்டு, அதைப் புத்தகத்தின் அட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். படிப்பது அந்தப் புத்தகம்தான் என்பது கண்ணுக்கும் தெரிய வேண்டுமே.

டிக்கன்ஸ் தனக்கென்று ஒரு மேசையையே வடிவமைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார். தன் உடல் முழுவதும் கூட்டத்துக்குத் தெரிகிற மாதிரி ஒல்லியானது, தண்ணீருக்கு ஒரு சிறு தட்டு, கை ஊன்ற ஒரு கட்டை. தலைக்கு மேலே எரிவாயு விளக்குகளைத் தனியாக மாட்டி முகத்தில் வெளிச்சம் விழச் செய்தார். நிகழ்ச்சிக்கு முன்பே போய் மண்டபத்தில் குரல் எப்படிக் கேட்கிறது என்றும் சோதித்துப் பார்ப்பார். மேலாளர் ஜார்ஜ் டால்பி மூலை மூலையாகப் போய் நின்று கேட்பார். ஒலிபெருக்கி வந்த பிறகும் இந்தச் சோதனைக்கு வேலை இருக்கிறது. மைக்கிலிருந்து ஒரு சாண் விலகி, நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நின்றால், ‘ப’ வரும் சொல்லெல்லாம் வெடிப்பது நிற்கும். தலைப்புக்காரரும் வாழ்த்துரைக்காரரும் வெவ்வேறு உயரத்தில் திருகி வைத்த மைக்கை, படிப்பதற்கு முன் தன் உயரத்துக்கு வைத்துக்கொள்ள எடுக்கும் பத்து விநாடி வீண் அல்ல.

ஒத்திகையை நின்றுகொண்டு, முழுக் குரலில், கடிகாரத்தோடு செய்ய வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு தடவை நாக்கு இடறினால் அந்தச் சொல்லை மாற்றிவிடலாம். புத்தகத்தில் உள்ளது உள்ளபடியே இருக்கும், யாரும் வழக்குப் போடப்போவதில்லை. பிறகு புத்தகத்தைப் படிக்காத ஒருவரை உட்காரவைத்துப் படித்துக்காட்ட வேண்டும். எப்படி இருந்தது என்று அவரைக் கேட்டால் நன்றாக இருந்தது என்பார், அதனால் பிரயோசனமில்லை. என்ன நடந்தது, யார் யார் வந்தார்கள் என்று சொல்லச் சொல்ல வேண்டும். எடையாளரையும் இன்னொருவரையும் அவர் குழப்பிக்கொண்டால், குழப்பம் பிரதியில் இருக்கிறது.

மேடையில் கூட்டம் நழுவுவதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. முதலில் இருமல் வரும், பிறகு நாற்காலி நகரும் சத்தம், அப்புறம் மடியில் கைபேசி வெளிச்சம். அந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். வேகம் கூடினால் இருக்கிற சிலருக்கும் புரியாமல் போகும். அதற்குப் பதிலாகத் தாண்ட வேண்டிய இடத்தை வீட்டிலேயே குறித்துவைத்திருக்க வேண்டும்: மூன்றாவது தாளின் நடுவில் ஒரு பெட்டி, நாலாவது தாளில் இன்னொரு பெட்டி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். தாண்டினாலும் கதை தொடர்கிறதா என்று ஒத்திகையிலேயே பார்த்திருக்க வேண்டும். முந்தைய பேச்சாளர்கள் நேரத்தைத் தின்றுவிட்டு, அமைப்பாளர் ஓரத்தில் நின்று ஐந்து விரலைக் காட்டும்போதும் இந்தப் பெட்டிகள்தான் காப்பாற்றும். பெட்டி இரண்டையும் தாண்டினால் பன்னிரண்டு நிமிடம் பத்தாகும். அதற்கும் இடமில்லை என்றால் முன்கதையைச் சொல்லிவிட்டு, கதவைத் தட்டும் இடத்திலிருந்து தொடங்கலாம்.